பெயர் எழுதாத மூன்று அம்புகள்

படத்தில் அம்புக்குறிகளுக்குப் பெயர் எழுதாததால் குறைந்த மதிப்பெண்ணை மறுபடியும் பார்க்கும்படி மாணவர் ஆசிரியருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இயற்பியல் வகுப்பில்தான் பிறக்கிறது. 11ஆம் வகுப்பில் நியூட்டனின் இயக்க விதிகளோடு சேர்ந்து வரும் 'தனித்த பொருளின் விசைப்படம்' அதற்கு முதல் காரணம். கணக்கில் வரும் பொருட்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, மற்றவை அதன்மீது செலுத்தும் விசைகளை மட்டும் அம்புகளாகக் காட்டும் படம் அது. அம்பின் திசை விசையின் திசையைச் சொல்லும். நீளம் அதன் அளவைச் சொல்லும். அது என்ன விசை, எதனால் வருகிறது என்பதைச் சொல்வது அருகில் எழுதும் பெயர் மட்டுமே. ஆகவே பெயர் எழுதாத அம்பு பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. மீதிச் செய்தியை விடைத்தாளின் வேறு இடத்திலிருந்து எடுக்க முடியுமா என்பதைப் பொறுத்தே கடிதத்தின் நியாயம் அமைகிறது.

வகுப்புத் தேர்வில் வரக்கூடிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 30 டிகிரி சாய்தளத்தில் 4 கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டை ஒன்று நழுவாமல் அமர்ந்திருக்கிறது. விசைப்படம் வரைந்து, செங்குத்து விசையையும் உராய்வு விசையையும் கணக்கிட வேண்டும். மொத்தம் 5 மதிப்பெண்: படத்துக்கு 2, சமன்பாடுகளுக்கு 2, விடைக்கு 1. மாணவி ஒருவர் கட்டையை வரைந்து மூன்று அம்புகள் இட்டிருக்கிறார். ஒன்று நேர் கீழே, ஒன்று தளத்துக்குச் செங்குத்தாக வெளியே, ஒன்று தளத்தை ஒட்டி மேல்நோக்கி. எதற்கும் பெயர் இல்லை. அதன் கீழே இரண்டு சமன்பாடுகள் உள்ளன:

N = mg cos 30°

f = mg sin 30°

g-இன் மதிப்பை 10 என்று கொண்டு, செங்குத்து விசை 34.6 நியூட்டன், உராய்வு விசை 20 நியூட்டன் என்று சரியாக முடித்திருக்கிறார். படத்துக்கு 0, மற்றவற்றுக்கு 3. விடைத்தாளின் ஓரத்தில் 'விசைகளின் பெயர் எங்கே?' என்ற சிவப்பு மைக் கேள்வி.

கோபத்தில் எழுதும் கடிதம் 'எனக்கு எல்லாம் தெரியும், எழுத மறந்துவிட்டேன்' என்றுதான் தொடங்கும். தெரியும் என்பது விடைத்தாளில் இல்லாத செய்தி. ஆசிரியரால் அதற்கு மதிப்பெண் போட இயலாது. பக்கத்து மாணவருக்கு என்ன கிடைத்தது, வீட்டில் என்ன சொல்வார்கள் என்பவையும் அப்படியே. தாளில் ஏற்கெனவே இருப்பதை ஆசிரியரின் கண்ணுக்குக் காட்டுவதுதான் கடிதத்தின் வேலை.

இந்தத் தாளில் மூன்று சான்றுகள் இருக்கின்றன. முதலாவது, நேர் கீழே போகும் அம்பு. ஓய்விலிருக்கும் கட்டைமீது, கயிறோ கையோ இல்லாத கணக்கில், நேர் கீழே இழுக்கும் விசை புவியின் ஈர்ப்பு மட்டுமே. அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. இரண்டாவது, சமன்பாடுகள். N என்பதை mg cos 30°-க்குச் சமப்படுத்தியிருப்பதால் அது தளத்துக்குச் செங்குத்தான விசை. f என்பதை mg sin 30°-க்குச் சமப்படுத்தியிருப்பதால் அது சரிவின் வழியே இழுக்கும் கூறை எதிர்த்து மேல்நோக்கி நிற்கும் விசை. படத்தில் அந்தத் திசைகளில் ஆளுக்கு ஓர் அம்புதான் உண்டு. மூன்றாவது, பலர் கவனிக்காத ஒன்று: அம்புகளின் நீளம். எடை 40 நியூட்டன், செங்குத்து விசை 34.6, உராய்வு 20. கீழ்நோக்கிய அம்பு 4 சென்டிமீட்டர் என்றால் மற்றவை ஏறத்தாழ 3.5, 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மாணவி சரிவை ஒட்டிய அம்பை எடை அம்பில் பாதியாக வரைந்திருந்தால், அது கைக்கு வந்தபடி போட்ட கோடு அல்ல என்பதை அளவுகோலே காட்டிவிடும்.

இவற்றை வைத்துக் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இயற்பியல் வகுப்புத் தேர்வில் சாய்தளக் கணக்குக்கு எனக்கு 5-க்கு 3 கிடைத்துள்ளது. விசைப்படத்தில் அம்புகளுக்கு நான் பெயர் எழுதவில்லை. அது என் தவறு. ஆனால் மூன்று அம்புகளின் திசையும் சரியாக இருப்பதாக நினைக்கிறேன். படத்துக்குக் கீழே உள்ள சமன்பாடுகளில் N, f, mg ஆகிய மூன்று விசைகளையும் குறிப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் திசையிலும் படத்தில் ஓர் அம்பு மட்டுமே உள்ளது. ஆகவே, பெயர்களுக்கான மதிப்பெண்ணை நீக்கிவிட்டு, திசைகளுக்காக 1 மதிப்பெண் தர இயலுமா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாளைத் திருத்தாமல் அப்படியே இணைத்துள்ளேன். தங்கள் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் மாணவி.'

இதில் கேட்டிருப்பது 1 மதிப்பெண். 2 கேட்டால் கடிதம் தன் பலத்தை இழக்கும். ஏனெனில் பெயர் எழுதுவதற்கு மதிப்பே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். 'திருத்தாமல்' என்ற சொல்லும் முக்கியம். தாள் திரும்பக் கிடைத்ததும் விட்டுப்போன எழுத்துகளைப் பென்சிலால் எழுதிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தவறைப் புரிந்துகொள்ள அது நல்ல வழிதான். ஆனால் அப்படி எழுதிய தாளோடு மறுபரிசீலனை கேட்டால், எது தேர்வில் எழுதியது, எது பிறகு சேர்த்தது என்ற ஐயம் வந்து நியாயமான கோரிக்கையும் கெட்டுப்போகும். பயிற்சிக்கு ஒரு நகல் எடுத்து அதில் எழுதுவது பாதுகாப்பு.

ஆசிரியர் பக்கத்திலும் வலுவான மறுப்பு உண்டு. விசைப்படம் கணக்கின் முதல் படி; அதைப் பார்த்துத்தான் சமன்பாடு எழுத வேண்டும். சமன்பாட்டைப் பார்த்துப் படத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது பின்னாலிருந்து முன்னால் படிப்பது. மேலும் சாய்தளச் சமன்பாடுகள் இரண்டையும் மனப்பாடமாக எழுத முடியும். அப்படி எழுதியவருக்குச் சரிவை ஒட்டிய அம்பு உராய்வா, யாரோ தள்ளும் விசையா, கட்டை நகரும் திசையா என்று தெரியாமலே இருக்கலாம். நகரும் திசையை விசை என்று எண்ணி அம்பு போடுவது இந்தப் பாடத்தில் நாள்தோறும் காணும் பிழை. பெயர் கேட்கப்படுவது அதைப் பிடிப்பதற்காகவே. அமெரிக்காவின் ஏபி இயற்பியல் தேர்வில் இத்தகைய வினாக்கள் விசைகளை வரைந்து பெயரிடும்படியும், அவற்றின் கூறுகளை வரைய வேண்டாம் என்றும் வெளிப்படையாகவே சொல்கின்றன.

கூறுகளை வரைய வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கடிதத்தின் வாதம் எங்கே உடையும் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. அதே கட்டையை ஒரு கயிற்றால் சரிவின் வழியே சீரான வேகத்தில் மேலே இழுப்பதாகக் கொள்வோம். இப்போது கட்டைமீது நான்கு விசைகள்: எடை, செங்குத்து விசை, மேல்நோக்கிய கயிற்றின் இழுவிசை, கீழ்நோக்கிய உராய்வு. சமன்பாடு:

T = mg sin 30° + f

மாணவர் நான்கு அம்புகள் போட்டுப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார். சரிவில் கீழ்நோக்கிப் போகும் அம்பு உராய்வா, அல்லது எடையின் கூறான mg sin 30°-ஐத் தனி விசையாக எண்ணி வரைந்ததா? சமன்பாட்டில் இரண்டுமே அதே திசையில் இருக்கின்றன. எடையை ஒருமுறை முழுதாகவும் இன்னொருமுறை கூறாகவும் வரைவது, ஒரே விசையை இருமுறை எண்ணும் பிழை. படத்தில் அந்தப் பிழை இருக்கிறதா, உராய்வு விடுபட்டிருக்கிறதா, எல்லாம் சரியா என்று தாளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது. இந்தத் தாளுக்கு அதே கடிதத்தை எழுதினால், ஆசிரியர் மறுப்பதே சரி. எழுதும் முன் மாணவர் தமக்குத்தாமே வைத்துப் பார்க்க வேண்டிய சோதனை இதுதான்: ஒவ்வோர் அம்புக்கும் வேறு பெயர் எதையாவது வைத்தாலும் மற்ற வரிகள் பொருந்துகின்றனவா? பொருந்தினால் வாதம் நிற்காது.

வினாத்தாளின் சொற்களும் கணக்கில் வரும். 'விசைப்படம் வரைந்து விசைகளைக் குறிக்க' என்று கேட்டிருந்தால், குறிப்பது வினாவின் ஒரு பகுதி. அதை விட்டவர் கேட்டதில் பாதியைச் செய்யவில்லை. 'விசைப்படம் வரைக' என்று மட்டும் இருந்து, விடைக்குறிப்பில் படத்துக்கு மொத்தமாக 2 என்று போட்டிருந்தால், அதைப் பிரித்துத் தரும் உரிமை திருத்துபவர் கையில் இருக்கிறது. ஆசிரியருக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒருவருக்கு 1 மதிப்பெண் கூட்டினால், அதே குறையுள்ள மற்றத் தாள்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கடிதம் எழுதத் துணிந்தவருக்கு மட்டும் கிடைத்து, கூச்சத்தால் பேசாதிருந்தவருக்குக் கிடைக்காமல் போவது நீதியல்ல. எனவே பதில் உடனே வராவிட்டால் அது அலட்சியம் ஆகாது. நாற்பது தாள்கள் மறுபடி புரட்டப்படுகின்றன என்றும் இருக்கலாம்.

பொதுத்தேர்வில் இந்தக் கடிதத்துக்கு இடமில்லை. திருத்தியவர் யார் என்றே மாணவருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 12ஆம் வகுப்பு முடிவுகள் வந்தபின், அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் கட்டணம் செலுத்தி விடைத்தாள் நகல் பெறலாம். அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேர்வெழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. மறுகூட்டல் என்பது போட்ட மதிப்பெண்களின் கூட்டலைச் சரிபார்ப்பது. பெயரில்லாத அம்புகளுக்கு அதனால் பயனில்லை. மறுமதிப்பீட்டில் விடை புதிதாகப் படிக்கப்படும். அங்கே மாணவரின் விளக்கக் கடிதம் உடன் போகாது. சமன்பாட்டையும் அம்பையும் சேர்த்துப் பார்ப்பதோ பார்க்காததோ புதிதாகத் திருத்துபவர் விடைக்குறிப்பை எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது.