அந்த 'அதை' எங்கே போகும்?

தரமணியில் இரவு எட்டரை என்றால் மெக்சிகோ நகரில் காலை ஒன்பது. இங்கே ஓர் ஐ.டி. அலுவலகத்தில் இருந்துகொண்டு அங்குள்ள வாடிக்கையாளருக்கு பில் அனுப்புபவர், "அதை உங்களுக்கு அனுப்பப் போகிறேன்" என்று ஸ்பானிஷில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பில்லுக்கு ஸ்பானிஷில் 'ஃபக்தூரா'. அது பெண்பால் என்பதால் 'அதை' என்பது 'லா'. ஆண்பாலாக இருந்தால் 'லோ'. 'எனக்கு' என்பது 'மே'. 'அவருக்கு', மரியாதையான 'உங்களுக்கு' இரண்டுமே 'லே'. 'யாருக்கு', 'எதை' இரண்டும் சேர்ந்து வந்தால் யாருக்கு என்பது முதலில், எதை என்பது அடுத்து. ஆனால் 'லே லா' என்று வராது. அந்த 'லே' எப்போதும் 'ஸே' ஆகிவிடும்: 'ஸே லா'.

'வோய் ஆ மந்தார்' என்றால் 'அனுப்பப் போகிறேன்'. 'மந்தார்' என்பது நம் 'அனுப்ப' போன்ற, காலம் காட்டாத வடிவம். 'ஸே லா' இந்தத் தொடருக்கு முன்னால் தனித்தனிச் சொற்களாக நிற்கலாம்: 'ஸே லா வோய் ஆ மந்தார்'. இல்லையென்றால் கடைசியில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளலாம்: 'வோய் ஆ மந்தார்ஸேலா'. பொருள் ஒன்றே. நடுவில் நுழைத்து 'வோய் ஆ ஸே லா மந்தார்' என்று எழுதினால் பிழை.

ஏவலில் இந்தச் சுதந்திரம் கிடையாது. 'அனுப்புங்கள்' என்பது 'மாந்தே'. 'அதை எனக்கு அனுப்புங்கள்' என்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும்: 'மாந்தேமேலா'. வேண்டாம் என்று சொல்லும்போது இரண்டும் பிரிந்து வினைக்கு முன்னால் வந்துவிடும்: 'நோ மே லா மாந்தே'. ஒட்டும்போது சொல் நீள்கிறதே தவிர, அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும். அதைக் காட்டத்தான் 'மாந்தேமேலா'வில் முதல் அசையின் உயிரெழுத்து மேல் சாய்கோடு போடுகிறார்கள். 'மந்தார்ஸேலா'வில் அது 'தார்' மேல் விழும். ஒரே ஒரு சொல் ஒட்டிய 'மந்தார்லா'வுக்குக் கோடு தேவையில்லை.

'ஐ', 'கு' உருபுகளோடு வளர்ந்த நமக்கு 'எதை', 'யாருக்கு' என்று பிரிப்பது கடினமல்ல. தடுக்குவது வேறு இடத்தில். "அனுப்பிட்டேன்" என்று தமிழில் சொன்னால் போதும். எதை, யாருக்கு என்பதை விட்டுவிடலாம். ஸ்பானிஷில் 'யா மந்தே' என்று மட்டும் எழுதினால் வாக்கியம் பாதியில் நிற்கும். 'யா ஸே லா மந்தே' என்று 'லா'வையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்னொன்று, நம் 'கு' உருபை எல்லா வினைக்கும் நம்ப முடியாது. நாம் 'அவருக்காகக் காத்திருக்கிறேன்' என்கிறோம். ஸ்பானிஷில் அந்த வினை 'எஸ்பெரார்'. அதற்கு 'லே' அல்ல, 'லோ'தான்: 'லோ எஸ்பேரோ'. அவர் பெண்ணென்றால் 'லா எஸ்பேரோ'. புதிய வினை ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போதே அது 'லோ' கேட்கிறதா 'லே' கேட்கிறதா என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.