காப்பீடு, சட்டம், தணிக்கை: சிறு அறக்கட்டளையின் மூன்று செலவுகளைக் கணிப்பது எப்படி?

ஒரு சிறு அறக்கட்டளையின் நிர்வாகச் செலவுப் பட்டியலில் வாடகை, மின்கட்டணம், கணக்கர் சம்பளம் ஆகியவற்றுக்குப் பிறகு காப்பீடு, சட்டச் செலவு, தணிக்கைக் கட்டணம் என மூன்று வரிகள் வரும். பெரும்பாலும் சென்ற ஆண்டுத் தொகையுடன் பத்து சதவீதம் சேர்த்து இவற்றை எழுதிவிடுவார்கள். ஆனால் இம்மூன்றும் ஒரே காரணத்தால் ஏறி இறங்குவதில்லை. காப்பீட்டுச் செலவு, பொருள்களின் மதிப்பையும் ஆள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. தணிக்கைக் கட்டணம் கணக்கின் சிக்கலைப் பொறுத்தது. சட்டச் செலவு எந்த ஆண்டில் எந்தப் பதிவு, எந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொன்றையும் அதனதன் வழியில் கணக்கிட வேண்டும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் கடலோர மாவட்டம் ஒன்றில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குப் பகல்நேரப் பள்ளி நடத்தும் ஓர் அறக்கட்டளையை வைத்துக்கொள்ளலாம். கட்டடம் வாடகைக்கு எடுத்தது. ஊழியர்கள் எட்டுப் பேர், வேன் ஒன்று, இரண்டு நன்கொடை நிறுவனங்களின் நிதி, ஆண்டுச் செலவு 40 லட்சம் ரூபாய், வெளிநாட்டு நிதி இல்லை. கீழே வரும் தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கான அனுமானங்கள். உண்மைத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும்.

காப்பீட்டில் முதல் வேலை பொருள்களின் பட்டியல். கணினிகள், பிசியோதெரபி கருவிகள், மேசை நாற்காலிகள் ஆகியவற்றை வாங்கிய விலை 9 லட்சம் என்று சொத்துப் பதிவேட்டில் இருக்கலாம். அதே பொருள்களை இன்று புதிதாக வாங்க 12 லட்சம் ஆகும் என்றால், புதுப்பொருள் விலை தரும் பாலிசிக்குக் காப்பீட்டுத் தொகை 12 லட்சமாக இருக்க வேண்டும். 9 லட்சத்துக்கே காப்பீடு எடுத்து, வெள்ளத்தில் 4 லட்சத்துக்குச் சேதம் ஏற்பட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பில் முக்கால் பங்கை, அதாவது 3 லட்சத்தை மட்டுமே தரும். மதிப்பில் முக்கால் பங்குதான் காப்பீடு செய்யப்பட்டது என்பதே காரணம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான சொத்துகளுக்காக 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், குறைபாடு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இவ்வாறு வெட்டுவதில்லை. இங்கே குறைபாடு 25 சதவீதம்; எனவே அந்தச் சலுகை உதவாது.

தீ, வெள்ளம், புயல் ஆகியவற்றுக்கான பாலிசி சாதாரணத் திருட்டுக்கு ஈடு தராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். பணியின்போது ஊழியர் விபத்துக்குள்ளானால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் சட்டப் பொறுப்பு என்பதால் அதற்கும் ஒரு பாலிசி எடுக்க வேண்டும். அதன் பிரீமியம் மொத்தச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும். ஆண்டின் நடுவில் இரண்டு பேரைப் புதிதாகச் சேர்க்கத் திட்டமிருந்தால் அந்தச் சம்பளத்தையும் சேர்த்தே விலை கேட்க வேண்டும். வேனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதன் பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது.

நமது பள்ளிக்கு வந்த விலைகள்: தீ மற்றும் வெள்ளம் 2,000, திருட்டு 1,500, ஊழியர் இழப்பீடு 7,000, குழந்தைகளுக்கான குழு விபத்துக் காப்பீடு 3,000, வேன் 28,000. கூட்டினால் 41,500. இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 48,970. அறக்கட்டளை செலுத்தும் ஜிஎஸ்டியைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே அதுவும் செலவே. விலைப்புள்ளியில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தவறினால் இந்த ஒரு வரியிலேயே ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் துண்டு விழும்.

தணிக்கைக் கட்டணத்துக்கு ஆடிட்டரிடம் ஒரே மொத்தத் தொகையாகக் கேட்காமல் வேலை வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆண்டுக் கணக்குத் தணிக்கையும் தணிக்கை அறிக்கையும் 30,000, வருமான வரி அறிக்கையும் நன்கொடையாளர் விவரப் படிவமும் 10,000, ஒவ்வொரு நன்கொடை நிறுவனத்துக்குமான நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் 3,000 வீதம் 6,000. மொத்தம் 46,000, ஜிஎஸ்டியுடன் 54,280, பயணச் செலவு 2,000 சேர்த்து 56,280. இப்படிப் பிரித்து வைத்தால், மூன்றாவது நன்கொடை நிறுவனம் வந்தால் என்ன கூடும் என்பது உடனே தெரியும். கட்டணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் டிடிஎஸ் கூடுதல் செலவு அல்ல. அது ஆடிட்டருக்குச் சேர வேண்டிய தொகையின் ஒரு பகுதியே. அதை மறுபடி கூட்டுவது அடிக்கடி நேரும் பிழை.

தணிக்கையில் காலமும் கவனிக்க வேண்டியது. மார்ச் 31-ல் முடியும் ஆண்டின் தணிக்கை அதற்குப் பிறகுதான் நடக்கும். பில்லும் அப்போதுதான் வரும். செலவு முடிந்த ஆண்டைச் சேர்ந்தது, பணம் அடுத்த ஆண்டில் போகிறது. மார்ச்சில் முடியும் நிதியிலிருந்து இதைச் செலுத்த வேண்டுமானால், செலுத்த வேண்டிய தொகையாக அந்த ஆண்டுக் கணக்கிலேயே எழுதி, நன்கொடை நிறுவனத்தின் சம்மதத்தையும் முன்பே பெற வேண்டும்.

சட்டச் செலவை இரண்டாகப் பிரிக்கலாம். வாடகை ஒப்பந்தமும் ஊழியர் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதும் ஆண்டுதோறும் வருபவை, இங்கே 9,000. வருமான வரிப் பதிவைப் புதுப்பிப்பது, அறக்கட்டளை ஆவணத்தைத் திருத்துவது போன்றவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவை. அவற்றுக்கு ஐந்தாண்டுகளில் 30,000 ஆகும் என்றால் ஆண்டுக்கு 6,000 ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்காத நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகள் செலவு குறைவாகத் தெரியும்; ஐந்தாம் ஆண்டில் நெருக்கடி வரும். ஆக இந்த வரிக்கு 15,000. வழக்கு வந்தால் ஆகும் செலவை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை இந்த வரியில் திணிக்காமல் பொதுக் கையிருப்பில் தனியே வைப்பதே சரி.

மூன்றையும் கூட்டினால் 1,20,250 ரூபாய். மொத்தச் செலவில் ஏறத்தாழ 3 சதவீதம். இந்தச் சதவீதம் கணக்கின் முடிவில் கிடைப்பது. அதையே அடுத்த ஆண்டுக்கான சூத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திட்டச் செலவு இரட்டிப்பானாலும் வேன் ஒன்றாகவே இருக்கலாம்; செலவு மாறாமல் இருந்தும் நன்கொடை நிறுவனங்கள் ஐந்தாகலாம்.

இந்தத் தொகை முழுவதும் நிர்வாகச் செலவும் அல்ல. வேன் காப்பீடும் குழந்தைகளின் காப்பீடும் நேரடியாகப் பள்ளித் திட்டத்துக்கு உரியவை. பயன்பாட்டுச் சான்றிதழின் கட்டணம் அந்தந்த நிதிக்கு உரியது. வரியோடு இவற்றைக் கழித்தால் 76,590 மிஞ்சும். இதைத்தான் நிதிகளுக்கிடையே பங்கிட வேண்டும். மொத்தச் செலவில் 60 சதவீதத்தை ஏற்கும் நன்கொடை நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ 46,000. வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனத்துக்கு இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். 2020-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. சட்ட, தொழில்முறைக் கட்டணங்களும் கணக்கு வைக்கும் செலவும் அந்த வரம்புக்குள்ளேயே எண்ணப்படுகின்றன.

ஒவ்வொரு தொகைக்கும் அருகில் அது எதிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்: எந்தத் தேதியிட்ட விலைப்புள்ளி, எத்தனை ஊழியர், எத்தனை சான்றிதழ், பாலிசி எந்த மாதம் முடிகிறது. ஆண்டின் நடுவில் உண்மைச் செலவு மாறும்போது, எந்த எண் மாறியதால் அது நேர்ந்தது என்பதை அந்தக் குறிப்பிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அடுத்த ஆண்டுக் கணிப்பை அந்த எண்ணைத் திருத்தி எழுதினால் போதும்.