பட்டாசுக் கடையின் பெயரில் பொய்த் தளம்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசியின் நற்பெயரையே மோசடிக்காரர்கள் மூலதனமாக்கிக்கொள்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது பெருந்தள்ளுபடியில் பட்டாசு தருவதாகச் சொல்லும் போலி இணையதளங்கள் முளைப்பதால், 2024 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு பொதுமக்களை எச்சரித்தது. மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இலேயே தடை விதித்துவிட்டதால், தளத்திலேயே முழுத் தொகையையும் கேட்பது முதல் ஐயத்துக்கு இடமளிக்கிறது.

கடையின் படம், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் பாராட்டு ஆகிய மூன்றையும் வேறு தளத்திலிருந்து எடுத்து ஒட்டிவிட முடியும் என்பதால் அவை சான்றாகா. தளத்தின் பிறந்தநாளோ அவ்வளவு எளிதில் மறையாது: .com என்று முடியும் முகவரியை lookup.icann.org பக்கத்தில் இட்டால் அது பதிவான நாள் தெரியும். "முப்பது ஆண்டு அனுபவம்" என்று சொல்லும் கடையின் தளம் மூன்று வாரங்களுக்கு முன் பதிவாகியிருந்தால், விலகிக்கொள்வதே முறை.

அடுத்தது, வணிகர்களுக்கு அரசு வழங்கும் 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பதால் தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றே தொடங்கும். அடுத்த பத்து இடங்களில் உரிமையாளரின் பான் எண் அமைந்திருக்கும். எனவே ஜிஎஸ்டி எண்ணின் ஆறாம் எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி என்று பொருள். "பிரைவேட் லிமிடெட்" என்று தன்னை அழைத்துக்கொள்ளும் கடை P எழுத்துள்ள எண்ணைக் காட்டினால், அந்த எண் அதனுடையதன்று. எழுத்து பொருந்தினாலும் gst.gov.in தளத்தின் Search Taxpayer பகுதியில் அதை இட்டு, சட்டப்பூர்வப் பெயர், முகவரி, பதிவு நடப்பில் உள்ளதா என்பவற்றை ஒப்பிட வேண்டும்.

ஆயினும் உண்மையான கடை ஒன்றின் எண்ணையே திருடிப் போட்டிருந்தால் இச்சோதனையும் ஏமாந்துபோகும். அங்கே துணைநிற்பது பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயர்தான். யுபிஐ செயலியில் ரகசிய எண்ணை இடுவதற்கு முன் தெரியும் பெயர், ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயரோடு ஒத்துவராமல் யாரோ ஒரு தனிநபருடையதாக இருந்தால், "கணக்காளரின் கணக்கு" என்ற விளக்கத்தை ஏற்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். மோசடிக்காரர்கள் பெரும்பாலும் பிறருடைய வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதே இந்த முரண்பாட்டுக்குக் காரணம். பெயர் ஒத்திருந்தாலும், தளத்தில் உள்ள கைப்பேசி எண்ணை நம்பாமல், கடையின் பழைய ரசீதில் அச்சான எண்ணில் அழைத்து உறுதிசெய்வது நல்லது.

பணம் போய்விட்டால், அது கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு என்பதால், உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவுசெய்யவும்.