உஷார்! ‘பணம் வரலீன்னா நான் பாத்துக்கறேன்’

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவரை, அவிநாசிப் பக்கம் ஸ்பின்னிங் மில் வைத்திருக்கும் நண்பரிடம் போனில் சேர்த்துவிடுகிறீர்கள். “அண்ணா, நம்ம பையன்தானுங்க. நூல் குடுங்க, பணம் வரலீன்னா நான் பாத்துக்கறேன்.” அரை நிமிடப் பேச்சு. அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லவே சொல்லாதீர்கள்!

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 126-ஆம் பிரிவில், உத்தரவாதம் வாய்மொழியாகவும் இருக்கலாம் என்கிறது. கையெழுத்தோ பத்திரமோ வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் நூலுக்குப் பணம் வராமல் போனால் மில்காரர் நேராக உங்களிடமே வரலாம். பனியன் கம்பெனி மேல் முதலில் கேஸ் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. வேறு பேச்சு இல்லாதபோது, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் நின்றவருக்கும் உண்டு என்பது 128-ஆம் பிரிவு. “ஒரு பைசா கமிஷன் வாங்கலீங்களே” என்பதும் எடுபடாது. உங்கள் பேச்சை நம்பி பனியன்காரருக்குச் சரக்குப் போனதே சட்டத்துக்குப் போதும்.

“நல்ல பையனுங்க” என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. ஆனால் நம் பக்கம் வியாபாரமே முகத்துக்காக நடக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் மில்காரர் லோடு ஏற்றுவார். அதனால் எது தெரியும், எது தெரியாது என்பதை அறிமுகத்திலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மில்காரர் புதுப் பார்ட்டி எடுக்கிறாரா? பனியன்காரர் தன் தேவையை வெளியே சொல்லச் சம்மதிக்கிறாரா? பிறகு இருவருக்கும் சேர்த்தே எழுதுங்கள். சாயப்பட்டறைக்காரர் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

“அண்ணா, வணக்கமுங்க. இவருக்கு மாசம் ரெண்டு டன் 30-ஆம் நம்பர் கோம்டு நூல் வேணுமாமுங்க. உங்க மில்லுல அது ஓடறதால சேர்த்துவிடறேன். மூணு வருசமா நம்ம பட்டறைல சாயம் போடறாரு, எனக்குப் பணம் சரியா வந்துருக்குது. மத்தவங்க பாக்கி எனக்குத் தெரியாதுங்க. கிரெடிட் குடுக்கறது உங்க முடிவு, அதுல நான் வரலீங்க. இப்ப நூல் குடுக்கறவங்ககிட்ட விசாரிச்சுக்கங்க.”

கடைசி இரண்டு வரிகளை எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதியே ஆக வேண்டும். ஜிஎஸ்டி எண்ணையும் வாங்கிக் கொடுங்கள். பதிவு உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கலாகிறதா என்று மில்காரரே ஜிஎஸ்டி தளத்தில் பார்த்துக்கொள்வார். ரிட்டர்ன் நின்றுபோயிருந்தால் லோடு ஏற்றும் முன் காரணம் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே வாய் விட்டுவிட்டீர்களா? மாதாமாதம் சரக்குப் போகும் தொடர் உத்தரவாதமாக இருந்தால், இனிமேல் போகும் சரக்குக்கு 130-ஆம் பிரிவின்படி அதைத் திரும்பப் பெறலாம். மில்காரருக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை போன நூலின் பாக்கி மட்டும் உங்கள் தலையில்தான் நிற்கும்.