ஒரு லாரி நிற்கத்தான் இடம்

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 1,400 சதுர அடிக்குக் கட்டடம் எழும்பினால், மிச்ச இடம் சுற்றிலும் சந்துகளாகச் சிதறிவிடும். பொருள் இறக்கத் தோதானது வாசல் பக்கம் மட்டுமே. அதனால் எது எந்த நாளில், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதே பெரிய கணக்காகிவிடுகிறது. தளம் போடும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள்.

சென்ட்ரிங் பலகை அடித்து முடிகிற அன்றே கம்பி வந்தால், வெட்ட வெட்ட மேலே ஏற்றிவிடலாம். ஒரு வாரம் முந்தி வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதற்குப் பின் வரும் ஜல்லியும் மணலும் தெருவில்தான்.

கான்கிரீட்டுக்கோ நிமிடக் கணக்கு. ஐந்தங்குலத் தளத்துக்கும் உத்தரங்களுக்கும் சேர்த்து 24 கன மீட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆறு கன மீட்டர் பிடிக்கும் ரெடிமிக்ஸ் லாரியில் நான்கு நடை. பகலில் கனரக லாரிக்குத் தடையுள்ள தெரு என்பதால் வேலை இரவில். ஆலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பம்பு வழியாக ஒரு லாரியைக் காலி செய்ய அரை மணி, அது வெளியேறி அடுத்தது வந்து ஒட்ட 10 நிமிடம். ஆகவே ஆலையில் 40 நிமிட இடைவெளியில் ஏற்றச் சொல்ல வேண்டும். 9:20க்கு ஏற்றிய லாரி 10:20க்கு வந்து, 10:30க்கு ஊற்றத் தொடங்கி, 11 மணிக்குக் காலியாகும். ஏற்றியதிலிருந்து 1 மணி 40 நிமிடம். இந்தியத் தரவிதி பொதுவாகத் தரும் கெடு இரண்டு மணி நேரம். கையிருப்பு 20 நிமிடமே.

இரண்டு லாரிகள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால், பின்னால் நிற்பது 40 நிமிடம் காத்திருந்து கெடுவைத் தாண்டிவிடும். இறுகத் தொடங்கிய கலவையை இளக்க ஓட்டுநர் தண்ணீர் ஊற்றப் பார்ப்பார். அதை அனுமதித்தால் வலிமை போச்சு. உறைதலைத் தாமதப்படுத்தும் ரசாயனத்தை ஆலையிலேயே சேர்க்கச் சொல்லியிருந்தால் கெடு சற்று நீளும். மாறாக, லாரி வரத் தாமதமானால், முன்பு ஊற்றியது உறைந்து, அதன்மேல் ஊற்றுவது ஒட்டாமல் போகும். மழைக்காலத்தில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். லாரி வந்ததும் சலானில் ஏற்றிய நேரத்தைப் பார்ப்பது இதற்காகத்தான்.

நான்காவது லாரிக்கு முழு அளவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. அது ஆலையில் ஏறுவதற்குள், பாக்கிப் பரப்பை நாடா போட்டு அளந்து சொல்வார்கள். மிஞ்சிய கலவையைக் கொட்ட அந்தத் தெருவில் இடமில்லை.

செங்கல் லாரிக்கு அவசரமே இல்லை. தளத்தின் கீழ் முட்டுக் கழிகள் நிற்கும்வரை தரைத்தளத்தில் எதையும் அடுக்க முடியாது, 4.5 மீட்டருக்கு மேல் அகலமான அறைகளில் அவை குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். முட்டைப் பிரித்த மறுநாள் செங்கலை வரவழைத்தால், அந்தத் தரைத்தளமே கிடங்கு.