கேட்டதும் தேடியதும்

நூலகத்திற்கு வரும் வாசகர் தாம் தேடுவதை முதல் வினாவிலேயே முழுமையாகச் சொல்லிவிடுவதில்லை. இதனை ஆராய்ந்த அமெரிக்க நூலகவியலாளர் இராபர்ட் டெய்லர், 1968ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் காரணத்தை விளக்கினார். உள்ளத்தில் தெளிவற்ற குறையாகத் தோன்றும் தேவை, மெல்ல மெல்லச் சொல்வடிவம் பெறுகிறது. இறுதியில், நூலகத்தில் எது கிடைக்கும் என்று வாசகர் எண்ணுகிறாரோ அதற்கேற்பத் தம் வினாவை அவரே மாற்றிக்கொள்கிறார். ஆகவே நூலகரிடம் வந்து சேர்வது உண்மையான தேவையன்று; அதன் சுருங்கிய வடிவமே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, நிலத்தடி நீர் பற்றி நூல் வேண்டும்" என்று நூலகருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறாள். இதை அப்படியே ஏற்றுக்கொண்டால் நூலகர் பத்துப் பன்னிரண்டு நூல்களின் பட்டியலை அனுப்பிவிடலாம். மாணவியும் "நன்றி ஐயா" என்று எழுதிவிட்டு, எந்த நூலையும் எடுக்காமல் போகலாம். பட்டியல் பொருந்தவில்லை என்பதற்கு அந்த நன்றியே அடையாளம். பொருந்தியிருந்தால் அடுத்து ஒரு கேள்வியேனும் வந்திருக்கும்.

நம் நூலகர் பட்டியல் அனுப்பவில்லை. "நிலத்தடி நீரில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். 'எதற்காக?' என்று கேட்டிருந்தால் அது விசாரணைபோல ஒலித்திருக்கும். 'குடிநீரா, பாசனமா?' என்று கேட்டிருந்தால் மாணவி அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்திருப்பாள். அவள் தேடியதோ இரண்டும் அன்று. "கிணற்று நீர் ஏன் உப்பாகிறது?" என்பது மறுமொழியாக வந்தது.

இப்போது பொருள் குறுகிவிட்டது, ஆயினும் போதவில்லை. நீர் உவர்ப்பாவதற்குப் பாறையின் தன்மை, பாசன நீர் ஆவியாகித் தங்கும் உப்பு, கடல்நீர் உட்புகுதல் எனப் பல காரணங்கள் உண்டு. "கிணறு எங்குள்ளது?" என்ற ஒரே வினாவை நூலகர் எழுப்பினார். ஒரே செய்தியில் மூன்று வினாக்களைத் தொடுத்தால் பெரும்பாலும் ஒன்றுக்கே விடை வரும் என்பது அவர் அறிந்தது. "கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். பத்து ஆண்டுகளுக்கு முன் நல்ல தண்ணீர்தான் என்று அம்மா சொல்கிறார்" என்றாள் மாணவி. இடமும் காலமும் ஒருங்கே கிடைத்தன. கடல்நீர் உட்புகுதலே முதலில் பார்க்க வேண்டிய காரணம் என்பதும் தெளிவாயிற்று.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். இரங்கநாதன், ஒரு பொருளைப் பல முகங்களாகப் பகுத்துப் பார்க்கும் முறையை வகுத்தவர். மையப்பொருள், பருப்பொருள், செயல், இடம், காலம் என்பன அம்முகங்கள். மாணவியின் முதல் செய்தியில் மையப்பொருள் மட்டுமே இருந்தது. அடுத்தடுத்த மறுமொழிகள் வெற்றிடமாக இருந்த முகங்களை நிரப்பின: உப்பு, உவர்ப்பாதல், கடலோரம், பத்து ஆண்டுகள். நல்ல நூலகர் மனத்துள் இக்கட்டங்களை வைத்துக்கொண்டு எது காலியாக உள்ளதோ அதையே கேட்கிறார் எனலாம்.

அடுத்து நூலகர், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட அறிக்கையை அனுப்பினார். "ஐயா, இது அட்டவணையாகவே இருக்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சியில் விளக்க வேண்டும்" என்று பதில் வந்தது. அவள் விளக்கப்போவது எப்படி என்பது அதுவரை சொல்லப்படவே இல்லை. பொருந்தாத ஒன்றைக் கண்முன் வைத்த பிறகே வாசகருக்குத் தம் தேவை சொல்லாக வருவதும் உண்டு. எனவே முதல் நூலை முடிவான விடையாகக் கருதாமல் சோதனையாகக் கொள்வதே சரி.

முடிவில் நூலகர் தேர்ந்தது ஒரே ஓர் இயல். நன்னீர் கடல்நீரின்மேல் மிதப்பதை அது படத்துடன் காட்டுகிறது. கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் இருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர்வரை நன்னீர் நிற்கும். மிகுதியாக இறைத்து நன்னீர்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால், நாளடைவில் உப்புநீர் இருபது மீட்டர் மேலெழும். மணலும் பாறையும் அடுக்கடுக்காக உள்ள நிலத்தில் இக்கணக்கு துல்லியமாகப் பொருந்தாது என்பதையும் அவ்வியல் சொல்கிறது. "இதுதானே தேடியது?" என்று நூலகர் உறுதிசெய்துகொண்டார். "ஆம் ஐயா. இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் செய்துகாட்டலாமா?" என்று மாணவி கேட்டாள்.