ஊகித்து வரையும் பிரேம்கள்

சைபர்பங்க் 2077 போன்ற கனமான கேமை 4கே திரையில் ஓடவிட்டால், ஒவ்வொரு பிரேமுக்கும் கிராபிக்ஸ் கார்டு சுமார் 83 லட்சம் பிக்சல்களை வரைய வேண்டும். டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங்கை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வைத்தால், அதில் கால்பங்கை மட்டுமே வரைகிறது. மீதி விவரங்களை முந்தைய பிரேம்களிலிருந்து திரட்டி நிரப்பிக்கொள்கிறது. இதில் வேகம் உண்மையாகவே கூடும். ஆனால் பழைய விவரம் சரியாகப் பொருந்தாத இடத்தில், ஓடும் காரின் பின்னால் மங்கலாக ஒரு வால் நீளும், கம்பிவேலி மினுமினுக்கும்.

பிரேம் ஜெனரேஷன் வேறு வகை. வரைந்து முடித்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்துச் செருகுகிறது. அதற்காகப் புதிய பிரேமைச் சற்றே நிறுத்திவைப்பதால், மவுஸை அசைத்த பிறகு திரை அசையத் தாமதமாகும். 30 பிரேம் 60 ஆகக் கண்ணுக்குத் தெரியும். கைக்கோ 30-ஐவிட மந்தமாகவே இருக்கும். ஆகவே முதலில் அப்ஸ்கேலிங்கால் 60-ஐ எட்டிவிட்டு, பிறகு இதைப் போடுங்கள். நொடியில் சுட வேண்டிய ஆன்லைன் போட்டிகளில் அணைத்துவிடுவதே நல்லது.

கேமராவைச் சட்டென்று திருப்பிக் கதாநாயகனின் தோளோரத்தைக் கவனியுங்கள். பின்னணி அங்கே நெளிந்தால், ஊகம் தவறியிருக்கிறது.